படுத்தவுடன் தொண்டையில் குறுகுறுப்பு, நிற்காத வறட்டு இருமல்: காரணம் மூக்கில் இருக்குமா?

கொங்குமலர்

வணக்கம். கோவையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், வயது 38. கார்த்திகை மழையில் பிடித்த ஜலதோஷம் ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. அதன் வாலாக வந்த வறட்டு இருமல் மட்டும் ஒரு மாதம் தாண்டியும் போகவில்லை. பகலில் வகுப்பெடுக்கும்போது அடிக்கடி தொண்டையைச் செருமிக்கொள்கிறேன், அதற்கு மேல் தொந்தரவு இல்லை. இரவில் தலையணையில் தலை வைத்த சில நிமிடங்களிலேயே தொண்டைக்குழிக்குச் சற்று மேலே ஒரு குறுகுறுப்பு தொடங்குகிறது. எவ்வளவு அடக்கினாலும் இருமல் வெடித்துக்கொண்டு வருகிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். படுத்தால் திரும்ப வரும். ஒருவழியாகத் தூங்கிவிட்டால் விடியும்வரை பெரும்பாலும் அமைதிதான். காலையில் எழுந்ததும் மறுபடி ஒரு சுற்று.

குடும்ப மருத்துவர் நெஞ்சைச் சோதித்தார், எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார். இரண்டிலும் குறையில்லை. லெவோசெட்ரிசினும் மான்டெலுகாஸ்ட்டும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார், கூடவே இருமல் சிரப்பும். சிரப் குடித்தால் தூக்கம் வருகிறது, இருமல் குறையவில்லை. இப்போது "மூக்கிலிருந்து பின்பக்கமாக இறங்குகிறதோ என்னவோ" என்கிறார். எனக்கு மூக்கு ஒழுகவே இல்லை. சளியும் வருவதில்லை. நெஞ்சிலும் ஒன்றுமில்லை, மூக்கும் ஒழுகவில்லை என்றால் படுக்கும்போது மட்டும் இது எங்கிருந்து வருகிறது?

வேம்படி

அம்மா, நெஞ்சில் சளி உறைந்துவிட்டால் இப்படித்தான் வறட்டு இருமலாக வரும். அதை இளக்கி வெளியே எடுக்க வேண்டும். கற்பூரவல்லி இலைச் சாற்றில் தேன் கலந்து காலையும் மாலையும் கொடுங்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு எத்தனை வயது என்று சொல்லவில்லையே? ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் மட்டும் வேண்டாம்.

கொங்குமலர்

ஐயா, அக்கறைக்கு நன்றி. இருமல் குழந்தைக்கு இல்லை, எனக்குத்தான். நெஞ்சில் சளி இல்லை என்றுதான் மருத்துவர் சொல்கிறார். தேனும் இஞ்சியும் எடுத்துப் பார்த்தேன். தொண்டைக்கு இதமாக இருக்கிறது, ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை.

மருந்துப்பெட்டி

திருச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். படுத்தால் இருமல் என்று கேட்டாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வயிற்று அமிலம். படுக்கும்போது இரைப்பையில் இருப்பது மேலே ஏறித் தொண்டையைத் தொடும், உடனே இருமல் வரும். எங்கள் கடைக்கு வருபவர்களில் எத்தனையோ பேருக்கு வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் கொடுத்துச் சரியாகியிருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள், இடதுபக்கம் சாய்ந்து படுங்கள். மூக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை.

குரல்வளை

மதுரையில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கிறேன். மருந்துப்பெட்டி சொல்வதில் பாதி சரி. அமிலமும் படுத்தால் கிளம்பும். அதனால் "படுத்தால் வருகிறது" என்ற ஒன்றை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது. கொங்குமலர், சில கேள்விகள். படுத்து எவ்வளவு நேரத்தில் இருமல் தொடங்குகிறது? இரவு மூன்று நான்கு மணிக்கு இருமலே உங்களை எழுப்புகிறதா? நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், குனிந்தால் இருமல் உண்டா? மாடிப்படி ஏறினாலோ, பலமாகச் சிரித்தாலோ, குளிர்ந்த காற்று பட்டாலோ வருகிறதா? இரத்த அழுத்த மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருக்கிறதா? கடைசியாக, எச்சில் விழுங்கும்போது தொண்டையின் பின்சுவரில் ஏதோ ஒட்டியிருப்பது போலத் தோன்றுகிறதா?

கொங்குமலர்

படுத்தவுடன் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. இரவு ஏழரைக்கே சாப்பிட்டுவிடுவேன், படுப்பது பதினொன்றுக்கு. நெஞ்செரிச்சல் கிடையாது. நடு இரவில் எழுப்பியதில்லை. படி ஏறினால் ஒன்றும் ஆவதில்லை. மாத்திரை எதுவும் இல்லை, காய்ச்சலும் இல்லை, எடையும் குறையவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் ஆம். ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நாள் முழுக்க விழுங்கிக்கொண்டே இருக்கிறேன். செருமினால் ஒரு கணம் போகும், உடனே வந்துவிடும். படுத்தால் ஒரு மூக்கு அடைத்துக்கொள்கிறது. திரும்பிப் படுத்தால் அடைப்பு மறுபக்கம் மாறுகிறது.

குரல்வளை

நீங்கள் சொன்ன விடைகள் மூக்கைத்தான் காட்டுகின்றன. மூக்கு ஒழுகவில்லை என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மூக்கும் சைனஸ் அறைகளும் உடல் நன்றாக இருக்கும் நாளிலும் நீர்த்த சளியைச் சுரந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் என்று சொல்வது வழக்கம். அது மூக்கின் முன்வாசல் வழியாக வருவதில்லை. உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் அதைப் பின்பக்கமாகத் தள்ளி, உள்நாக்குக்குப் பின்னால் தொண்டையில் இறக்கிவிடுகின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். ஆக, பின்வழியாக இறங்குவது நோயே அல்ல, அதுதான் இயல்பான வழி. ஜலதோஷத்துக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. சுரப்பது கெட்டியாகவோ அதிகமாகவோ ஆகிவிடுகிறது. அந்த மயிரிழைகள் வைரஸால் சேதப்பட்டு, திரும்பச் சீராக வேலை செய்யச் சில வாரங்கள் எடுத்துக்கொள்கின்றன. மூக்கின் முன்பக்கம் காய்ந்திருக்கும்போதே பின்பக்கம் பிசுபிசுப்பாக இருக்கலாம். உங்கள் மருத்துவர் டார்ச் அடித்துத் தொண்டையின் பின்சுவரைப் பார்த்தால் அங்கே சின்னச் சின்ன மேடுகளும், மேலிருந்து இறங்கும் சளிக் கோடும் தெரியக்கூடும். தெரியாமலும் போகலாம்.

படுத்தால் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். நிற்கும்போது இறங்குகிற சளி, குரல்வளையின் வாயிலுக்கு இருபுறமும் உள்ள பள்ளங்கள் வழியாக உணவுக்குழாய்க்குப் போய்விடுகிறது. மல்லாந்து படுத்தால் அந்த ஓட்டம் நின்று, சளி தொண்டையின் பின்பகுதியில் குரல்வளைக்கு அருகிலேயே தேங்குகிறது. விழித்திருக்கும்போது அடிக்கடி விழுங்குகிறோம். தூக்கம் கண்ணைச் சுழற்றத் தொடங்கியதும் விழுங்குவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதோடு, படுத்தால் மூக்கின் உள்மடிப்புகளில் இரத்தம் தேங்கி அவை வீங்குகின்றன. கீழ்ப்பக்க மூக்கு அடைத்து, திரும்பிப் படுத்தால் மாறுவதற்கு அதுதான் காரணம். மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவோம், தொண்டை காயும், ஒட்டியிருப்பது இன்னும் கெட்டியாகும்.

குரல்வளையைச் சுற்றி இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. சாதாரண நாளில் ஒரு துளி சளி பட்டால் அவை பொருட்படுத்துவதில்லை. சளிக் காய்ச்சலுக்குப் பிறகு அவற்றின் உணர்வு கூர்மையாகிவிடுகிறது. நீங்கள் சொல்லும் குறுகுறுப்பு அதுதான். நுரையீரலிலிருந்து வெளியேற்ற எதுவும் இல்லாததால் எவ்வளவு இருமினாலும் ஒன்றும் வராது. அதனால்தான் வறட்டு இருமல். ஒவ்வொரு இருமலும் அதே இடத்தை மேலும் புண்படுத்தி, அடுத்த இருமலுக்கு வழி செய்துவிடுகிறது.

நேரம் பார்ப்பது மிகவும் பயன்படும். ஆழ்ந்த தூக்கத்தில் இருமல் அனிச்சை மங்கிவிடும். ஆகவே மூக்கால் வரும் இருமல் படுத்தவுடன் வரும், தூங்கியபின் ஓயும், இரவெல்லாம் தேங்கியது காலையில் எழுந்ததும் மறுபடி கிளப்பும். உங்களுக்கு நடப்பது அச்சாக அப்படியே இருக்கிறது. பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் இருமல் என்றால் நான் ஆஸ்துமாவை முதலில் தேடியிருப்பேன். விசில் சத்தமே இல்லாமல் இருமல் மட்டுமாக வரும் ஆஸ்துமா உண்டு.

மருந்துப்பெட்டி

ஐயா, ஏழரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கிறார் என்றால் அமிலத்தின் மேல் எனக்கிருந்த சந்தேகம் குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நெஞ்செரிச்சலே இல்லாமல் அமிலம் ஏறுவோரும் இருக்கிறார்களே?

குரல்வளை

இருக்கிறார்கள். ஆனால் நெஞ்செரிச்சல் இல்லாதவருக்கு இருமலுக்கென்று அமில மாத்திரையை மட்டும் கொடுத்துப் பார்ப்பதால் பலன் குறைவு என்பதால், இப்போதைய வழிகாட்டிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை. மூக்கைச் சரிசெய்த பிறகும் இருமல் நிற்காவிட்டால் அப்போது அந்தப் பக்கம் பார்க்கலாம். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்திருப்பதும் சாதாரணம்.

எழுத்தாணி

எனக்கு ஒரு மறுப்பு உண்டு. நான் மருத்துவர் இல்லை. பல ஆண்டு இருமலோடு இருப்பதால் தேடிப் படித்தவன். தொண்டையில் சளி இறங்குகிறது என்று சொல்லும் பெரும்பாலானோர் இருமுவதே இல்லை. அப்படியிருக்க இறங்குவதுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எனக்கும் இதையே சொல்லி மூக்கில் ஸ்ப்ரே கொடுத்தார்கள். ஒட்டியிருக்கும் உணர்வு போய்விட்டது, இருமல் போகவில்லை.

குரல்வளை

நியாயமான மறுப்பு. துறைக்குள்ளேயே இது முடிந்துபோன விவாதம் இல்லை. அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி 2006இல் வெளியிட்ட இருமல் வழிகாட்டியில், பின்மூக்கு வடிதல் நோய்க்குறி என்ற பழைய பெயரைக் கைவிட்டு, மேல் சுவாசப்பாதை இருமல் நோய்க்குறி என்று வைத்தார்கள். இறங்கும் சளி நரம்பைத் தொடுவதால் இருமல் வருகிறதா, அல்லது மூக்கிலும் தொண்டையிலும் உள்ள அழற்சியே நரம்பைத் தூண்டுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதே அதற்குக் காரணம். இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. பழைய வகை அலர்ஜி மாத்திரை போன்றவற்றால் மூக்குக்கு வைத்தியம் செய்தபின் இருமல் நின்றால்தான் காரணம் மூக்கு என்று சொல்கிறோம். உங்களுக்கு நிற்கவில்லை. அப்படியானால் உங்கள் இருமலுக்கு மூக்கு முதன்மைக் காரணமாக இல்லாமல் இருக்கலாம், நரம்பின் கூருணர்வே தனி நோயாக நின்றுவிட்டிருக்கவும் கூடும்.

எழுத்தாணி

சிகிச்சை பலித்தால் அந்த நோய், பலிக்காவிட்டால் வேறு நோய் என்பது எனக்குச் சுற்றி வளைத்த தர்க்கமாகவே படுகிறது. நீங்கள் சொல்லும் பழைய மாத்திரைகள் மூளையில் இருமலை அடக்குவதாலும் பலன் தரலாமே? இருந்தாலும் விளக்கத்துக்கு நன்றி.

குரல்வளை

அந்த வாய்ப்பையும் பலர் எழுப்புகிறார்கள். மறுக்க என்னிடம் சான்று இல்லை.

கொங்குமலர்

பழைய மாத்திரை என்றால் என்ன? நான் சாப்பிடும் லெவோசெட்ரிசினும் அலர்ஜி மாத்திரைதானே? அது ஏன் கேட்கவில்லை?

குரல்வளை

லெவோசெட்ரிசின் ஹிஸ்டமினைத் தடுக்கும். தூசி, பூந்தாது போன்றவற்றால் வரும் தும்மலுக்கும் அரிப்புக்கும் நல்ல மருந்து. ஜலதோஷத்துக்குப் பின் நீடிக்கும் சுரப்பில் ஹிஸ்டமினுக்கு அவ்வளவு பங்கில்லை. சுரப்பிகளை நரம்புகள்தான் தூண்டுகின்றன. குளோர்ஃபெனிரமைன் போன்ற முதல் தலைமுறை மாத்திரைகளுக்கு அந்த நரம்புத் தூண்டலையும் தடுத்துச் சுரப்பைக் குறைக்கும் குணம் கூடுதலாக உண்டு. வாய் உலர்வதும் அதனால்தான். அலர்ஜி இல்லாத பின்மூக்கு இருமலில் புதிய மாத்திரைகள் சோபிக்காமல் பழையவை வேலை செய்வதற்கு இதுவே காரணம் என்று கருதப்படுகிறது.

தூக்கம் வரும் என்பதால் முதல் சில நாட்கள் இரவு வேளை மட்டும் எடுக்கச் சொல்வோம். பலன் சில நாட்களில் தெரியத் தொடங்கும், முழுதாகத் தெரிய இரண்டு வாரம் ஆகலாம். உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைபடும் ஆண்களுக்கும் இது ஆகாது. வண்டி ஓட்டுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்துப்பெட்டி

இந்த இடத்தில் கடைக்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். குளோர்ஃபெனிரமைன் கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது ஜலதோஷத்துக்கான கூட்டு மாத்திரை. அதில் பாராசிட்டமால் இருக்கும், ஃபினைல்எஃப்ரினும் இருக்கும். ஏற்கெனவே காய்ச்சல் மாத்திரை சாப்பிடுபவர் இதையும் விழுங்கினால் பாராசிட்டமால் இரட்டிப்பாகும். வாயால் உட்கொள்ளும் ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதனால் அட்டையைத் திருப்பி என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படியுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் கூட்டை எந்த வடிவிலும் கொடுக்காதீர்கள். இந்தியாவிலேயே அதற்குத் தடை எச்சரிக்கை உண்டு.

மூக்கடைப்புச் சொட்டு மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். ஐந்து நாளுக்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும். பிறகு சொட்டு இல்லாமல் தூங்க முடியாது என்று மாதக் கணக்கில் வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கிறேன், மனம் வலிக்கிறது.

தாமிரபரணிக்கரை

நான் கேட்பது என் அப்பாவுக்காக. வயது 67, பாளையங்கோட்டையில் இருக்கிறார். அவருக்கும் இதே குறுகுறுப்பு, இதே வறட்டு இருமல், இரவில் அதிகம். ஜலதோஷம் எதுவும் வரவில்லை, மூக்கில் அடைப்பும் இல்லை. ஆவணியில் இரத்த அழுத்தத்துக்கு ராமிபிரில் தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து இருமல் வந்தது. அவருக்கும் மேலே சொன்ன பழைய மாத்திரையைக் கொடுக்கலாமா?

குரல்வளை

வேண்டாம். நான் முதலில் இரத்த அழுத்த மாத்திரை பற்றிக் கேட்டது இதற்காகத்தான். ராமிபிரில், எனலாபிரில், லிசினோபிரில் என்று "பிரில்" என முடியும் மாத்திரைகள் உடலில் பிராடிகைனின் என்ற பொருள் சிதைவதைத் தடுக்கின்றன. அது தொண்டை நரம்புகளைத் தூண்டி இதே குறுகுறுப்பைக் கொடுக்கும். மாத்திரை தொடங்கிச் சில நாளிலும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால் பலர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதே இல்லை. எந்த இருமல் மருந்தும் இதற்கு உதவாது. மாத்திரையை மாற்றினால்தான் போகும், அதுவும் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில். சிலருக்கு மூன்று மாதம்வரை இழுக்கும்.

அப்பா தானாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அதைக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் வகைக்கு மாற்றித் தருவார். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். படுத்தால் அவருக்கு இருமலா, மூச்சு முட்டுகிறதா? இரண்டு மூன்று தலையணை அடுக்கினால்தான் தூங்க முடிகிறது, மாலையில் கால் வீங்குகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு நாள் கடத்த வேண்டாம்.

தாமிரபரணிக்கரை

மூச்சு முட்டவில்லை, காலிலும் வீக்கமில்லை. திங்கட்கிழமை அழைத்துப் போகிறேன். மிக்க நன்றி ஐயா.

வேம்படி

இருமல் என்றாலே காசநோய் பயம் நம் ஊரில் உண்டு. அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

குரல்வளை

கேட்டது நல்லது. நம் நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே அந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதுதான் அரசின் விதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்கிறார்கள். கொங்குமலருக்கு எக்ஸ்ரே சுத்தம், காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. அதனால்தான் மூக்கைப் பற்றி நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். சளியில் இரத்தம் வந்தாலோ, மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் இருந்தாலோ மூக்கின் மேல் பழி போட்டுக் காத்திருக்கக் கூடாது.

கொங்குமலர்

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். தொண்டையின் பின்சுவரில் சளிக் கோடு தெரிகிறது என்றார். லெவோசெட்ரிசினை நிறுத்திவிட்டு இரவுக்குக் குளோர்ஃபெனிரமைன் மட்டும் எழுதிக் கொடுத்தார். உப்புநீரால் மூக்கைக் கழுவவும் சொன்னார். பக்கத்து வீட்டு யோகா ஆசிரியை ஜலநேதிச் சொம்பு தந்திருக்கிறார். எவ்வளவு உப்பு, எப்படிச் செய்வது, எந்த நேரத்தில் செய்வது?

குரல்வளை

கால் லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல் உப்பு. தலைதட்டிய தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு போதும். அயோடின் சேர்க்காத உப்பாக இருந்தால் நல்லது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். உடல் சூட்டளவு வெதுவெதுப்பு வேண்டும். எரிந்தால் உப்பு கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. வெறும் தண்ணீரும் எரியும் என்பதை மறக்க வேண்டாம்.

வாஷ்பேசின்மேல் குனிந்து தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சுவிட்டபடி, மேல் மூக்கில் மெதுவாக ஊற்றுங்கள். கீழ் மூக்கு வழியாக வெளியே வரும். தொண்டையில் இறங்கினால் தலையை இன்னும் முன்னால் குனியுங்கள். முடித்தபின் பலமாகச் சிந்தக் கூடாது, நீர் காதுக்கு ஏறும். மூக்கு முற்றிலும் அடைத்திருக்கும் நேரத்தில் வலுக்கட்டாயமாக ஊற்றவும் கூடாது.

படுக்கப் போகும் நேரத்தில் செய்யாதீர்கள். சைனஸில் தங்கும் நீர் படுத்தபின் சொட்டி, எதை நிறுத்த நினைத்தோமோ அதையே கிளப்பும். ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது முடித்துவிடுங்கள்.

மலைநாடு

கோழிக்கோட்டில் வசிக்கும் தமிழன். இதைப் படிக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன், குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஊற்றாதீர்கள். 2024இலும் 2025இலும் இங்கே அமீபா மூளைக்காய்ச்சலில் இறந்தவர்களின் செய்திகளைப் படித்துப் படித்து எங்கள் தெருவில் குளத்தில் குளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். நீரில் இருக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறதாம். ஆகவே மூக்கைக் கழுவுவதே வேண்டாம் என்பது என் கருத்து.

குரல்வளை

பாதி சரி. மூக்கு வழியாகப் போவது உண்மை, நோய் வந்தால் பிழைப்பவர் மிகச் சிலர். அமெரிக்காவின் லூசியானாவில் 2011இல் குழாய்த் தண்ணீரை நேதிச் சொம்பில் ஊற்றிக் கழுவிய இருவர் இறந்தார்கள். ஆபத்து தண்ணீரில் இருக்கிறது, கழுவுவதில் இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடமாவது விட வேண்டும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரத்தில் மூன்று நிமிடம். மூடி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். கேன் தண்ணீரும், வீட்டு வடிகட்டி நீரும் குடிக்க ஏற்றவை என்பதாலேயே மூக்குக்கும் ஏற்றவை ஆகிவிடாது. அவற்றையும் கொதிக்க வைக்க வேண்டும். சொம்பையும் கொதித்த நீரால் கழுவிக் கவிழ்த்து உலர்த்துங்கள்.

மலைநாடு

கொதிக்க வைத்தாலும் எனக்குத் துணிவு வரவில்லை. மருந்துக்கடையில் அடைத்து விற்கும் உப்புநீர் ஸ்ப்ரே போதாதா?

குரல்வளை

கழுவும் அளவுக்கு வாரிக்கொண்டு போகாது. ஆனாலும் ஒன்றும் செய்யாததைவிட எவ்வளவோ மேல். தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கொங்குமலர்

மாத்திரையும் கழுவலும் தொடங்கி ஒரு வாரம் கடந்துவிட்டது. படுத்தவுடன் வரும் இருமல் இப்போது இரண்டு மூன்று செருமலோடு நின்றுவிடுகிறது. காலைச் சுற்று இன்னும் இருக்கிறது, ஆனால் குறுகிவிட்டது. ஒரே சிக்கல், முதல் பீரியடில் கண் சொக்குகிறது. வாயும் உலர்கிறது. மருத்துவர் மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் தரட்டுமா என்றார். ஸ்டீராய்டு என்றதும் பயந்து, கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

குரல்வளை

மாத்திரையைப் படுக்கும்போது எடுக்காமல் இரவு எட்டரை மணியளவில் எடுத்துப் பாருங்கள், காலை மயக்கம் குறையும். நன்றாகிவிட்டால் மருத்துவர் நிறுத்தச் சொல்வார், இது மாதக் கணக்கில் சாப்பிடும் மாத்திரை இல்லை.

ஸ்ப்ரேயில் இருப்பது மிகச் சிறிய அளவு, இரத்தத்தில் கலப்பது சொற்பம். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தும்மல், கண் அரிப்பு, பெருக்கினால் மூக்கு நமைப்பது எதுவும் இல்லாத உங்களுக்கு அது எவ்வளவு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம். அலர்ஜி உள்ளவர்களுக்கே அது முதல் மருந்து. இப்போது குறைந்துவருவதால் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்பது என் எண்ணம். நேரில் பார்த்தவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அடிக்க நேர்ந்தால் தலையை அண்ணாந்துகொள்ளாதீர்கள். சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்து, முனையை அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். நடுத்தண்டில் பட்டால் இரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். கசப்பு தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. தினமும் அடித்து ஒன்றிரண்டு வாரம் பொறுத்தால்தான் பலன் சொல்ல முடியும். எழுத்தாணி, நீங்கள் எப்படி அடித்தீர்கள்?

எழுத்தாணி

குனிந்துதான் அடித்தேன், மூன்று மாதம் விடாமல். அதனால்தான் என் சந்தேகம் இன்னும் அப்படியே இருக்கிறது.

இரவுக்காவல்

சென்னை ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் இரவுப் பணி. காலை எட்டுக்குத்தான் படுப்பேன். இருமல் படுத்தவுடன் வருகிறது, அதுவரை கொங்குமலர் சொல்வது போலத்தான். ஆனால் பணியில் நிற்கும்போதும் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு இருமுகிறேன். அப்போது நான் படுத்திருக்கவில்லையே? குளிரூட்டிய அறைக்குள் நுழைந்தாலும் இருமல் கிளம்புகிறது. எனக்கும் மூக்குதானா?

குரல்வளை

படுத்தவுடன் வருவதற்கு மூக்கு காரணமாக இருக்கலாம். நின்றுகொண்டிருக்கும்போது விடியற்காலையில் வருவதை அதனால் விளக்க முடியவில்லை. அந்த நேரத்தில் மூச்சுக்குழாய்கள் இயல்பாகவே சற்றுச் சுருங்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதிகமாகச் சுருங்கும். குளிர்ந்த காற்றுக்கு வருவதும் அதோடு சேர்ந்து நிற்கிறது. ஆஸ்துமாவும் மூக்கு அலர்ஜியும் ஒரே ஆளுக்கு இருப்பது அடிக்கடி பார்ப்பதுதான்.

மாத்திரை எதுவும் தொடங்காமல், மார்பு மருத்துவரிடம் போய் ஸ்பைரோமெட்ரி செய்யச் சொல்லுங்கள். முதலில் ஒரு முறை ஊதவைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முடிந்தால் இரவுப் பணி முடிந்து நேராகப் போங்கள். பகலில் தூங்கி எழுந்து மாலையில் போனால் முடிவு சாதாரணமாக வந்துவிடக் கூடும்.

இரவுக்காவல்

நாளைக் காலை பணி முடிந்ததும் போகிறேன். வேலைக்கு வெளியே தூசி அதிகம், அதையும் அவரிடம் சொல்ல வேண்டுமா?

குரல்வளை

கட்டாயம். என்ன தயாரிக்கிறார்கள், எந்தப் பகுதியில் நிற்கிறீர்கள், விடுமுறை நாட்களில் இருமல் குறைகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.